மேலே போன கோடு

அந்த கிராஃபை வரைந்தவன் நான்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் திட்டு வாங்கப்போகிறவர்களின் வரிசையில் முதல் ஆளும் நானே.

2016ஆம் ஆண்டு. புதுச்சேரியில், எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்த பிள்ளைகளைப் பராமரிக்கும் ஒரு சிறிய இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வந்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்பதால் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை பதிவேடு. நோட்டுப் புத்தகங்களில் இருந்த எடை, உயரம், பிறந்த தேதி எல்லாவற்றையும் எக்ஸெல்லில் ஏற்ற வேண்டும். அதிலிருந்து ஆண்டறிக்கைக்கு ஒரு படம் போட வேண்டும். போட்டேன். மருந்து தொடங்கிய நாளிலிருந்து பிள்ளைகளின் வளர்ச்சி எப்படி ஏறுகிறது என்று ஒரு பச்சைக் கோடு. கோடு அழகாக மேலே போனது. நன்கொடையாளர்கள் கூட்டத்தில் கைதட்டினார்கள். அறிக்கையின் தலைப்பில் ‘வளர்ச்சி மீட்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, லேப்டாப்பை எட்டிப் பார்த்த ஒரு பையன் கேட்டான். வயது பத்து. “அண்ணே, இதுல எந்தப் புள்ளி நானு?” காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “கோடு மேல போவுது. நான் ஏன் போவல?”

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். “நீயும்தான்டா வளர்ற” என்றோ என்னவோ. வகுப்பில் அவன்தான் முதல் வரிசை. பஸ்ஸில் வயதைக் கேட்காமலேயே அரை டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு ஒண்ணாம் கிளாஸ் பையன் அவன் தோளுக்கு வந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்திருந்தது என் படத்துக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கணக்கைத் திறந்து பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி.

எப்படி என்று காட்டுகிறேன். பையனை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கின் வடிவத்தை மாற்றவில்லை.

*

அவன் மருந்து தொடங்கியது ஏழு வயது முடிந்தபோது. அன்று உயரம் 106 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஏழு வயது ஆண்பிள்ளையின் நடுமட்ட உயரம் 121.7 செ.மீ. அதாவது ஒழுங்காகச் சோறும் ஆரோக்கியமும் கிடைத்த ஏழு வயதுப் பையன்களை வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவனின் உயரம். நம் பையன் அவனைவிட 15.7 செ.மீ. குட்டை.

இந்த 15.7 பெரிய குறைவா, சாதாரணமா என்று எப்படிச் சொல்வது? ஏழு வயதுப் பையன்களுக்குள் இயல்பாகவே உயர வித்தியாசம் இருக்கும். அந்தச் சிதறலை அளக்கும் எண்தான் திட்ட விலக்கம். ஏழு வயதில் அது சுமார் 5.3 செ.மீ. குறைவை இதால் வகுத்தால் வருவது இசட்-ஸ்கோர். மைனஸ் 2க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது என்பார்கள். மைனஸ் 3க்குக் கீழே கடுமையாகக் குன்றியது. நம் பையன் கிட்டத்தட்ட மைனஸ் 3இல் நின்றான்.

மூன்று வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டான். பத்து வயது முடிந்தபோது 122 செ.மீ. அந்த வயதின் நடுமட்டம் 137.8. திட்ட விலக்கம் சுமார் 6.4. கணக்கு இதுதான்:

```
7 : (106 - 121.7) / 5.3 = -2.96
10: (122 - 137.8) / 6.4 = -2.47
```

மைனஸ் 2.96இலிருந்து மைனஸ் 2.47. அரைப் புள்ளி முன்னேற்றம். என் பச்சைக் கோடு இப்படித்தான் மேலே போனது. இப்போது அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் கழித்துப் பாருங்கள். ஏழு வயதில் 15.7 செ.மீ. பின்தங்கியிருந்தான். பத்து வயதில் 15.8. இடைவெளி ஒரு நூல்கூடக் குறையவில்லை. ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. மேலே இருக்கும் எண் நகரவில்லை, கீழே இருக்கும் எண் பெருத்தது. வயது ஏற ஏறப் பிள்ளைகளுக்குள் உயர வித்தியாசம் இயல்பாகவே விரியும். அதனால் அதே பற்றாக்குறையைப் பெரிய எண்ணால் வகுக்கிறோம், விடை சின்னதாகத் தெரிகிறது.

கடன் கணக்காகச் சொன்னால் இன்னும் சுலபம். ஒருவன் 15,700 ரூபாய் கடன் வைத்திருக்கிறான். அவன் தெருவில் வழக்கமான மாதச் சம்பளம் 5,300. மூன்று மாதச் சம்பளக் கடன் என்று எழுதிக்கொள்கிறோம். மூன்று வருடம் கழித்து அந்தத் தெருவில் வழக்கமான சம்பளம் 6,400 ஆகிவிட்டது. அதே கடன் இப்போது இரண்டரை மாதச் சம்பளம்தான். “பாருங்க, கடன் இறங்கிடுச்சு” என்று நான் ஆண்டறிக்கை போட்டேன். அவன் ஒரு ரூபாயும் அடைக்கவில்லை. அந்தச் சம்பளம் அவனுடையதுகூட இல்லை, தெருவினுடையது.

நான் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஜெஃப் லெராய் போன்ற ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் 2014, 2015இலேயே ஏழை நாடுகளின் சிறு குழந்தைகளை வைத்து இதைச் சுட்டிக்காட்டினார்கள். இசட்-ஸ்கோரைப் பார்த்தால் இரண்டு வயதுக்குப் பிறகு நிலைமை சீராகிவிட்டது போலத் தோன்றும், சென்டிமீட்டரில் பார்த்தால் பள்ளம் ஐந்து வயதுவரை ஆழமாகிக்கொண்டே போகும் என்றார்கள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒப்பிட இசட்-ஸ்கோர் வேண்டும், அதை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒரே பிள்ளை நாளாவட்டத்தில் எட்டிப் பிடிக்கிறானா என்று கேட்கும்போது அதை மட்டும் காட்டுவது மோசடி. தெரியாமல் செய்தால் அறியாமை. நான் தெரியாமல் செய்தேன். இப்போது தெரியும்.

*

‘எட்டிப் பிடிக்கும் வளர்ச்சி’ என்ற சொல்லுக்குத் தெளிவான பொருள் உண்டு. நோயோ பட்டினியோ நீங்கிய பிறகு, அந்த வயதுக்குரிய வேகத்தைவிட வேகமாக வளர்வது. சராசரி வேகத்தில் வளர்வது எட்டிப் பிடிப்பது ஆகாது. முன்னால் போகும் பஸ்ஸைப் பிடிக்க அதே வேகத்தில் ஓடினால் போதுமா? நம் பையன் மூன்று வருடத்தில் 16 செ.மீ. வளர்ந்தான். அந்த மூன்று வருடத்தில் நடுமட்டப் பையன் வளர்வது 16.1. ஆக நம் பையன் பஸ்ஸின் வேகத்தில் ஓடியிருக்கிறான். அதுவே சாதனைதான், மருந்துக்கு முன் அவன் அதைவிட மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தான். ஆனால் பதினைந்தரை சென்டிமீட்டரை ஐந்து வருடத்தில் அடைக்க வேண்டுமென்றால் வருடத்துக்கு எட்டரை செ.மீ. வளர வேண்டும், அதுவும் இடைவெளியில்லாமல். ஏழு வயதில் மருந்து தொடங்கும் பிள்ளை அந்த வேகத்தை அவ்வளவு காலம் தாங்குவது அரிது.

ஏன் அரிது என்பதற்கு உடம்பின் உள்ளே போக வேண்டும். நீண்ட எலும்புகளின் முனையருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அங்கே செல்கள் பிரிந்து அடுக்கடுக்காகச் சேர்ந்துதான் உயரம் கூடுகிறது. எச்.ஐ.வி. நேரடியாக அங்கே போய் உட்காருவதில்லை. தொற்றின் முதல் வாரங்களிலேயே அது குடல் சுவரில் இருக்கும் சிடி4 செல்களைக் கூட்டமாக அழிக்கிறது. குடல் கசிய ஆரம்பிக்கிறது. நோயெதிர்ப்பு அமைப்பு இரவு பகலாக எரிந்துகொண்டே இருக்கிறது. வெளியே காய்ச்சல் இல்லாவிட்டாலும் உள்ளே அடுப்பு அணைவதில்லை. அந்த அடுப்புக்கு விறகு வேண்டும். அறிகுறி இல்லாத எச்.ஐ.வி. பிள்ளைக்கே வழக்கத்தைவிட 10 சதவீதம் கூடுதல் உணவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை இறங்கும் பிள்ளைக்கு 50 முதல் 100 சதவீதம். அதே நேரத்தில் பசி குறைகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, காசநோய் வருகிறது. வளர்ச்சித் தட்டுக்கு ‘பிரி’ என்று சொல்ல வேண்டிய ஹார்மோன் செய்திகளை இந்த ஓயாத அழற்சி மழுங்கடிக்கிறது. உடம்பு கணக்குப் பார்த்துச் செலவைக் குறைக்கிறது. உயிருக்கு அவசரமில்லாத செலவு உயரம். அதை முதலில் நிறுத்துகிறது.

மருந்து தொடங்கியதும் அடுப்பு தணிகிறது. எடை முதலில் திரும்புகிறது, முதல் ஆறு மாதம் ஒரு வருடத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி. கன்னம் உப்பும். அம்மாவோ பாட்டியோ கண் கலங்குவார்கள். உயரம் பின்னால்தான் வரும், மெதுவாக வரும். இரண்டு மூன்று வயதுக்குள் தொடங்கினால் வளர்ச்சித் தட்டுக்கு இன்னும் வேகமாக ஓடும் வயது, இழந்ததில் பெரும்பங்கைத் திரும்ப வாங்கும். பள்ளி வயதில் தொடங்கினால் பாதிக்கு மேல் போனது போனதுதான். ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா என்று எங்கே பார்த்த ஆய்வும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறது: தொடங்கும் வயது குறையக் குறைய உயரம் திரும்புவது கூடும்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்தப் பிள்ளைகளுக்குப் பூப்பும் பருவமாற்றமும் தள்ளி வரும். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது பிறந்த வயதைவிட இரண்டு வருடம்கூடப் பின்தங்கியிருக்கலாம். அதாவது தட்டு மூடவும் தாமதமாகும். நண்பர்கள் வளர்ந்து முடித்த பிறகும் இவர்கள் கொஞ்சம் வளர்ந்துகொண்டிருப்பார்கள். அந்தக் கடைசி வருடங்களில் சோறும் மருந்தும் தவறாமல் கிடைத்தால் சில சென்டிமீட்டர் திரும்பும். எல்லாமும் திரும்பாது.

*

அந்தப் பையனுக்கு ஏழு வயதுவரை ஏன் மருந்து தரவில்லை? அவனுக்குத் தொற்று இருப்பது நாலு வயதிலேயே தெரியும். கோபம் சரியான இடத்தில் விழ வேண்டும் என்பதால் இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில். அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். தாம்பரம் மருத்துவமனை அந்த முதல் சில மையங்களில் ஒன்று. பிள்ளைகளுக்கென்று அளவாகச் செய்த மாத்திரைகள் பரவலாக வந்தது 2006 இறுதிக்குப் பிறகு. அதுவரை பெரியவர்கள் மாத்திரையை உடைத்துத்தான் கொடுத்தார்கள். மருந்து குறைவு. ஸ்டாவுடின் போன்ற மருந்துகள் முகத்துக் கொழுப்பைக் கரைத்தன, நரம்பைப் பதம் பார்த்தன. சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிடுமோ என்ற பயமும் நியாயமானது. அதனால் ஒரு கோடு போட்டார்கள். சிடி4 எண்ணிக்கை இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால், அல்லது நோய் முற்றினால் மருந்து. இல்லையென்றால் காத்திரு. நம் பையனின் சிடி4 மூன்று வருடம் கோட்டுக்கு மேலேயே இருந்தது. “நல்லா இருக்கான், அப்புறம் வாங்க” என்றார்கள். விதிப்படி சரி.

ஆனால் அந்தக் கோடு கேட்ட கேள்வி ‘இவன் சாவானா?’ என்பது. ‘இவன் வளர்வானா?’ என்பதல்ல. சிடி4 நன்றாக இருக்கும் பிள்ளையும் வளராமல் போவான் என்பதற்கு ஆதாரம் நம் ஊர் பக்கத்திலேயே இருந்தது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள தென்னிந்தியப் பிள்ளைகளில் பத்தில் ஆறு பேர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். சிடி4 25 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஊட்டக்குறைவு.

தாய்லாந்திலும் கம்போடியாவிலும் ‘பிரெடிக்ட்’ என்றொரு ஆய்வு நடந்தது, 2012இல் முடிவு வந்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வயதுக்குள் சுமார் முந்நூறு பிள்ளைகள். பாதிப் பேருக்கு உடனே மருந்து, மீதிப் பேருக்கு சிடி4 இறங்கிய பிறகு. கிட்டத்தட்ட மூன்று வருடம் பார்த்தார்கள். எய்ட்ஸ் வராமல் உயிரோடு இருப்பதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. காத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டச் சரியான வாய்ப்பு. ஆனால் உயரத்தையும் அளந்திருந்தார்கள். உடனே தொடங்கியவர்கள் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள். மரணப் பதிவேட்டுக்குத் தெரியாதது இஞ்ச் டேப்புக்குத் தெரிந்திருந்தது.

எல்லோருக்கும் உடனே மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2015இல். இந்தியா ஏற்றது 2017இல். இடைப்பட்ட வருடங்களில் ‘நல்லா இருக்கான்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் எலும்புகளில் அந்த விதி எழுதப்பட்டிருக்கிறது. விதி மாறிவிட்டது, எலும்பு மாறவில்லை. அந்த 15 சென்டிமீட்டரில் எத்தனை நோயினுடையது, எத்தனை வறுமையினுடையது, எத்தனை காத்திருந்ததனுடையது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மூன்றாவதன் பங்கு பூஜ்யம் இல்லை என்று மட்டும் சொல்வேன். ‘வளர்ச்சி மீட்பு’ என்று தலைப்புப் போட்ட என் படம் அந்தப் பங்கைத்தான் அழித்தது. எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது என்றால் யாரும் எதையும் எடுத்திருக்கவே இல்லை என்றுதானே அர்த்தம்?

*

இதைச் சொன்னால் இரண்டு பதில் வரும். இரண்டையும் நேருக்கு நேர் கேட்டிருக்கிறேன்.

முதலாவது: “குடும்பமே குட்டைதாங்க.” இருக்கலாம். ஆனால் மரபால் குட்டையாக இருக்கும் பிள்ளை தன் கோட்டிலேயே போகும். மூன்று வயதில் கீழ்க்கோட்டில் இருந்தால் ஏழு வயதிலும் அதே கீழ்க்கோட்டில் இருக்கும். கோடு விட்டுக் கோடு இறங்கினால் அது மரபு இல்லை, ஏதோ அழுத்துகிறது. இதைக் கண்டுபிடிக்க ஜீன் டெஸ்ட் வேண்டாம், தொடர்ந்து அளந்த நாலு உயரம் போதும். அந்த நாலு உயரம் இல்லாத இடத்தில்தான் “குடும்பமே குட்டை” என்ற பதில் செல்லுபடியாகிறது.

இரண்டாவது: “உயிரோட இருக்கானே, அது போதாதா? உயரம் ஒரு பெரிய விஷயமா?” இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்த காலத்தைப் பார்த்தவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, அந்த வாக்கியத்தின்மேல் இல்லை. குன்றிய உயரம் தனியாக வருவதில்லை. உயரத்தை நிறுத்திய அதே பஞ்சம் வேறு எங்கெல்லாம் கை வைத்தது என்பதற்கு வெளியே தெரியும் ஒரே அளவு அதுதான். வளர்ச்சி குன்றிய பெண்பிள்ளை நாளை பிரசவத்துக்குப் போகும்போது இடுப்பெலும்பு கணக்குக் கேட்கும். அதோடு இந்த நோயில் உயரம் ஒரு ரகசியத்தையும் காட்டிக்கொடுக்கும். பெயர், நோய் எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று 2017இல் சட்டம் போட்டிருக்கிறோம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதினாலு வயதுப் பையன் ஒன்பது வயதுபோல நின்றால், தினமும் ஏதோ மாத்திரை சாப்பிடுகிறான் என்றால், தெரு தானாகக் கேள்வி கேட்கும். எந்தச் சட்டப் பிரிவு அதை மூடும்?

*

எடை ஒழுங்காகக் குறிக்கப்படுகிறது, உயரம் குறிக்கப்படுவதில்லை. இதில் சோம்பேறித்தனத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு மருந்தின் அளவை எடையை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். 10 கிலோவிலிருந்து 13.9 வரை ஒரு அளவு, 14இலிருந்து 19.9 வரை இன்னொன்று. எடை தெரியாமல் மாத்திரை கொடுக்க முடியாது, அதனால் எடை போடுவார்கள். உயரத்தை வைத்து அன்றைக்கு எந்த முடிவும் எடுப்பதில்லை. அட்டையில் கட்டம் இருக்கும், ஆனால் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எந்த வேலையும் நிற்காது. என் தொழிலில் இது பழகிய கதை: யாரும் படிக்காத ஃபீல்டில் எப்போதும் குப்பைதான் இருக்கும்.

நான் ஏற்றிய நோட்டுகளிலும் அதுதான் இருந்தது. முதலில், உயரங்களில் பெரும்பாலானவை பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிந்தன. 110, 115, 120. நிஜமாக அளந்தால் கடைசி இலக்கம் இப்படி இரண்டில் மட்டும் போய்க் குவியாது. அடுத்து, சில பிள்ளைகள் ஒரு வருடம் முழுக்க ஒரே உயரம். அது வளராததாலா, போன மாத எண்ணைப் பார்த்து எழுதியதாலா? மூன்றாவதாக, சிலர் இரண்டு செ.மீ. குட்டையாகியிருந்தார்கள். பிள்ளைகள் சுருங்குவதில்லை; ஒருமுறை செருப்போடு அளந்திருப்பார்கள், அல்லது தலையில் கொண்டையோடு. நான்காவது நம் தமிழ்ப் பேச்சுவழக்கிலேயே இருக்கும் பொறி: வயது. “பத்து நடக்குது” என்றால் முடிந்தது ஒன்பது. “பத்து முடிஞ்சது” என்றால் பத்து. இரண்டையும் ‘10’ என்று எழுதினால் ஐந்து ஆறு செ.மீ. பிழை, இசட்-ஸ்கோரில் கிட்டத்தட்ட ஒரு முழுப் புள்ளி. என் பையனின் அரைப் புள்ளி ‘முன்னேற்றம்’ இந்தப் பிழைக்குள்ளேயே காணாமல் போகும். பள்ளியில் சேர்க்க வசதியாக ஜூனுக்கு முன்னால் தள்ளிப் போட்ட பிறந்த தேதிகளைப் பற்றி நான் பேசவே ஆரம்பிக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய மெஷின் எதுவும் இல்லை. சுவரில் ஒழுங்காக அடித்த ஒரு அளவுகோல், தலையில் வைக்க ஒரு தட்டைப் பலகை. செருப்பைக் கழற்று, பின்னலை அவிழ், குதிகால் சுவரில் படட்டும், பார்வை நேராக இருக்கட்டும். இரண்டு தடவை அள, மில்லிமீட்டர்வரை எழுது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து அள. மூன்று மாதத்துக்கொரு முறை செய். இசட்-ஸ்கோருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடு: நடுமட்டத்திலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி. அதற்கும் பக்கத்தில்: போன வருடத்திலிருந்து எத்தனை செ.மீ. கூடியது.

அந்த மூன்றாவது கட்டம்தான் வேலை செய்யும் கட்டம். பள்ளி வயதுப் பிள்ளை வருடத்துக்கு நாலு செ.மீ.க்குக் கீழே வளர்ந்தால் யாராவது நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். மாத்திரை உள்ளே போகிறதா, இல்லை மெத்தைக்கடியில் போகிறதா? வைரல் லோடு பார்த்தாயா? வருடந்தோறும் எல்லோருக்கும் வைரல் லோடு என்பது இங்கே 2018க்குப் பிறகு வந்த வசதி. அதற்கு முன் மருந்து தோற்றுக்கொண்டிருப்பதற்கான ஆரம்ப எச்சரிக்கைகளில் ஒன்று பிள்ளை வளராமல் நிற்பதுதான். வைரஸ் அடங்கியிருந்தும் வளரவில்லையென்றால் காசநோயைத் தேடு, தைராய்டைப் பார், மணிக்கட்டு எக்ஸ்ரே எடு. எல்லாவற்றுக்கும் முன்னால், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டான் என்று கேள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1930லேயே, பள்ளியில் மதியச் சோறு போட ஆரம்பித்த ஊர் இது. பிள்ளையின் உடம்பு அரசாங்கத்தின் கணக்கிலும் வரும் என்பதை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பு உள்ளே எரியும் பிள்ளைக்கு அதே அளவு சோறு போதாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் பிந்தி வந்தவர்களுக்கு. பிந்தாமல் இருக்க ஒரே வழிதான். பதினெட்டு மாதம்வரை குழந்தையின் ரத்தத்தில் அம்மாவின் எதிர்ப்புப் பொருள் சுற்றும், அதனால் வழக்கமான பரிசோதனை குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்று சொல்லாது. ஆறாவது வாரம் குதிகாலில் ஒரு குத்து, அட்டையில் காயவைத்த நாலைந்து சொட்டு ரத்தம், வைரஸையே தேடும் பரிசோதனை. இந்தியாவில் இது 2010இலிருந்து இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கைக்குழந்தைகளுக்குக் காத்திருக்காமல் மருந்து கொடுத்த ஆய்வில் மரணம் 76 சதவீதம் குறைந்தது, 2008இல் வெளிவந்தது. உயிரைக் காக்கும் அந்தச் சீக்கிரம்தான் உயரத்தையும் காக்கும். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு தாய்க்கு அந்த அட்டை முடிவு எத்தனை நாளில் கைக்கு வருகிறது, முடிவு வந்ததற்கும் முதல் வேளை மருந்துக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதுதான் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய எண். பச்சைக் கோடு இல்லை.

*

படத்தை மறுபடி வரைந்தேன். இந்த முறை செங்குத்து அச்சில் சென்டிமீட்டர். கோடு படுத்துக் கிடந்தது. சிலருக்குக் கீழே சரிந்தது. மூன்று வயதுக்குள் மருந்து தொடங்கிய இரண்டு குட்டிப் பிள்ளைகளுக்கு மட்டும் நிஜமாகவே ஏறியது. இல்லத்துக்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இதப் போட்டா யாரு பணம் குடுப்பா?” என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. அறிக்கையில் பழைய படமே போனது. நான் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தச் சண்டைதான், சில வருடம் தாமதமாக.

பையன் இப்போது பெரிய ஆள். மீசை தள்ளித்தான் வந்தது, வந்துவிட்டது. வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குப் பிறகும் கொஞ்சம் வளர்ந்தான். உயரம் 159. நடுமட்டத்திலிருந்து சுமார் பதினேழு செ.மீ. தள்ளி, இசட்-ஸ்கோர் இன்றைக்கும் ‘முன்னேறிய’ நிலையில்தான் இருக்கிறது. போன மாதம் கடற்கரையில் பார்த்தபோது அவனுடைய பழைய கேள்வியை நானே எடுத்தேன். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைச் சொன்னேன்: “கோடு தப்புடா. நீ கரெக்டா பாத்த. ஒனக்கு நாலு வயசுலயே மாத்திரை குடுத்திருக்கணும்.”

சுண்டலை மென்றுகொண்டே கேட்டான்: “இப்ப வர்ற பசங்களுக்கு எப்பண்ணே குடுக்குறாங்க?”